மார்ச் 31 இரவு கிளம்பிய லாரி: அது எந்த ஆண்டின் விற்பனை?

மார்ச் 31, மாலை 5 மணி. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்று. அலுவலகத்தில் அந்த நிதியாண்டின் கடைசி பில் பிரிண்ட் ஆகிறது. நாக்பூர் டீலருக்கு 200 மோனோபிளாக் பம்புகள், ஜிஎஸ்டி சேர்க்காமல் 16 லட்சம் ரூபாய். அதே நேரத்தில் குடோனில் வருடக் கடைசி ஸ்டாக் எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. லாரிக்காக பேக் செய்து அடுக்கி வைத்திருந்த அந்த 200 பெட்டிகளையும் சேர்த்தே எண்ணிவிடுகிறார்கள். இரவு 9 மணிக்கு லாரி கேட்டைத் தாண்டுகிறது.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. பில் உண்மையான பில். எண்ணும்போது பெட்டிகள் அங்கேதான் இருந்தன. லாரியும் அதே தேதியில்தான் கிளம்பியது. ஆனாலும் அந்த 200 பம்புகளும் இப்போது கணக்கில் இரண்டு இடத்தில் இருக்கின்றன. விற்றுவிட்டோம் என்று ஒரு பக்கம், குடோனில் இருக்கிறது என்று இன்னொரு பக்கம்.

இந்த ஆலை ஓர் உதாரணத்துக்காகத்தான். ஆனால், கணக்கு முடிக்கும் காலத்தில் ஆடிட்டர்கள் தேடிப் பார்க்கும் முக்கியமான பிழைகளில் இது ஒன்று. இதற்குப் பெயர் ‘கட்-ஆஃப்’ பிழை. ஆண்டின் கடைசி சில நாள்களில் வந்த சரக்கும், போன சரக்கும் தவறான ஆண்டில் பதிவாவது. இது எப்படி நடக்கிறது, லாபத்தை எவ்வளவு மாற்றுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு விற்பனை, இரண்டு பதிவுகள்

ஒரு பொருளை விற்கும்போது கணக்கில் இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். விற்பனைத் தொகை வரவாகி, வாடிக்கையாளர் நமக்குத் தர வேண்டிய பாக்கியாக ஏற வேண்டும். அந்தப் பொருள் ஸ்டாக்கில் இருந்து குறைய வேண்டும். வாங்கும்போதும் இதே கதைதான். பொருள் ஸ்டாக்கில் ஏற வேண்டும், சப்ளையருக்குத் தர வேண்டிய கடனும் ஏற வேண்டும்.

இந்த இரண்டு பதிவுகளையும் பெரும்பாலும் இரண்டு வேறு ஆட்கள், இரண்டு வேறு காகிதங்களைப் பார்த்துச் செய்கிறார்கள். பில்லை வைத்து விற்பனையை ஏற்றுபவர் அலுவலகத்தில் இருக்கிறார். சரக்கை எண்ணுபவர் குடோனில் இருக்கிறார். நவம்பர் மாதத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் பாதகமில்லை. அந்த வாரத்துக்குள் சரியாகிவிடும். மார்ச் 31 அன்று அப்படி இல்லை. ஒரு பதிவு கோட்டுக்கு இந்தப் பக்கமும், இன்னொன்று அந்தப் பக்கமும் விழுந்தால், நடுவில் உள்ள தொகை முழுக்க லாபத்தில் வந்து நிற்கும்.

காரணம், லாபம் கணக்கிடும் முறை. விற்பனையில் இருந்து, விற்ற சரக்கின் அடக்கவிலையைக் கழித்தால் மொத்த லாபம் கிடைக்கும். விற்ற சரக்கின் அடக்கவிலை எவ்வளவு? வருடத் தொடக்கத்தில் இருந்த ஸ்டாக், அத்துடன் வாங்கியது, தயாரிக்கச் செலவானது எல்லாம் சேர்த்து, அதிலிருந்து கடைசியில் மிச்சமிருக்கும் ஸ்டாக்கைக் கழிக்க வேண்டும். அதாவது, கடைசி ஸ்டாக்கில் ஒரு ரூபாய் கூடினால் லாபத்திலும் ஒரு ரூபாய் கூடிவிடும். குடோனில் எண்ணுபவரின் தாளில் ஒரு வரி கூடினாலும் அது லாபத்தைத் தொடும்.

“எங்ககிட்ட சாஃப்ட்வேர் இருக்கு, பில் போட்டா ஸ்டாக் தானா குறையும்” என்று சொல்லலாம். குறையும். ஆனால், எண்ணிக்கைத் தாளை சாஃப்ட்வேர் ஸ்டாக்குடன் ஒப்பிடும்போது, 200 பம்புகள் ‘அதிகமாக’ இருப்பதாகக் காட்டும். ஏதோ பழைய பதிவு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, யாராவது ‘ஸ்டாக் அதிகம்’ என ஒரு திருத்தப் பதிவு போட்டால் முடிந்தது. சாஃப்ட்வேர் சரியாகச் செய்ததைக் கையால் தவறாக்கிவிடுகிறோம். எண்ணிக்கைக்குப் பிறகு கூடுதலாகத் தெரியும் சரக்குக்கு, முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘இதற்கு ஏற்கெனவே பில் போட்டாச்சா?’ என்பதுதான்.

நள்ளிரவில் லாரி கவிழ்ந்தால் நஷ்டம் யாருக்கு?

சரி, இரண்டு இடத்தில் இருக்கும் பம்புகளை ஓர் இடத்தில் இருந்து நீக்க வேண்டும். எந்த இடத்தில் இருந்து?

பில் தேதி மார்ச் 31 என்பதால் விற்பனை இந்த ஆண்டுதான் என்று தோன்றும். ஆனால், விற்பனையைத் தீர்மானிப்பது பில் தேதி மட்டுமல்ல. சரக்கின் உரிமையும் அதன் ரிஸ்க்கும் எப்போது வாங்குபவரிடம் போகின்றன என்பதுதான் கேள்வி. பழைய கணக்கியல் விதியான ஏ.எஸ். 9, சரக்கின் முக்கியமான ரிஸ்க்கும் பலனும் வாங்குபவருக்கு மாறிவிட்டதா என்று பார்க்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இந்த் ஏ.எஸ். 115, சரக்கின் மீதான கட்டுப்பாடு எப்போது மாறுகிறது என்று கேட்கிறது. எளிமையாகச் சொன்னால், மார்ச் 31 நள்ளிரவில் அந்த லாரி வழியில் கவிழ்ந்தால் நஷ்டம் யாருடையது?

பதில், ஆர்டர் பேப்பரில் இருக்கும். ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ என்றால், ஆலை வாசலில் சரக்கை ஒப்படைத்ததுமே பொறுப்பு டீலருடையது. ‘எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன்’ என்று போட்டிருந்தால், நாக்பூர் குடோனில் இறக்கும்வரை பொதுவாக ஆலைதான் பொறுப்பு. ஆர்டரில் இதைப் பற்றி எதுவுமே இல்லாவிட்டால்? 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவருக்கு அனுப்புவதற்காக லாரிக்காரரிடம் சரக்கை ஒப்படைப்பதே, முதல் பார்வையில், வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும். இருவரும் வேறு மாதிரி பேசியிருந்தால் அந்தப் பேச்சுதான் செல்லும்.

இப்போது நம் உதாரணத்துக்கு வருவோம். ஒரு பம்பின் அடக்கவிலை 6,000 ரூபாய், விற்பனை விலை 8,000 ரூபாய். ஆக, 200 பம்புகளின் அடக்கம் 12 லட்சம், விற்பனை 16 லட்சம். ஆலையின் வரைவுக் கணக்கு இந்த ஆண்டு லாபம் 60 லட்சம் என்று காட்டுகிறது.

ஆர்டர் ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ என்றால், விற்பனை மார்ச்சில் முடிந்துவிட்டது. அப்படியானால் ஸ்டாக் தாளில் இருந்து 12 லட்சத்தை எடுக்க வேண்டும். லாபம் 48 லட்சமாக இறங்கும். ஆர்டர் ‘எஃப்.ஓ.ஆர்.’ என்றால், லாரி ஏப்ரல் 3-ம் தேதி நாக்பூரில் சரக்கை இறக்கியபோதுதான் விற்பனை. ஸ்டாக்கில் 12 லட்சம் இருப்பது சரிதான். அதை ‘வழியில் உள்ள சரக்கு’ என்று காட்ட வேண்டும். விற்பனை 16 லட்சத்தைத்தான் நீக்க வேண்டும். லாபம் 44 லட்சமாகும்.

இரண்டு பதில்களுக்கும் இடையே உள்ள 4 லட்சம்தான் இந்த விற்பனையின் உண்மையான லாபம். அது இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா என்பதில் வாதம் இருக்கலாம். ஆனால், எப்படிப் பார்த்தாலும் 60 லட்சம் என்பது தவறு. கட்-ஆஃப் பிழை பெரிதாவது இப்படித்தான். 4 லட்சம் லாபம் தரும் ஒரு விற்பனை, கணக்கில் 12 அல்லது 16 லட்சம் பிழையை உண்டாக்கிவிடுகிறது.

‘ஜிஎஸ்டி கட்டியாச்சே?’

இந்த இடத்தில் முதலாளி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மார்ச்ல பில் போட்டு, மார்ச் ரிட்டர்ன்லயே ஜிஎஸ்டி காட்டப்போறோம். கவர்ன்மென்ட்டே விற்பனைன்னு எடுத்துக்குது, ஆடிட்டர் ஏங்க இல்லைங்கறாரு?”

இரண்டும் வேறு வேறு கேள்விகள். விற்பனைக்காக ஓர் இடத்தில் இருந்து சரக்கை நகர்த்தும் முன்போ, நகர்த்தும்போதோ பில் போட வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் பொதுவாக இ-வே பில்லும் வேண்டும். ஆகவே, லாரி மார்ச் 31 அன்று கிளம்பினால் பில்லும் அன்றைக்குள் இருந்தாக வேண்டும். வரியும் மார்ச் மாதத்துக்குத்தான் வரும். ஆலை செய்தது சரி. ஆனால், ஆண்டுக் கணக்கில் விற்பனை எப்போது ஏறும் என்பதைக் கணக்கியல் விதிதான் சொல்லும்.

அதனால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் உள்ள விற்பனையும் ஆண்டுக் கணக்கில் உள்ள விற்பனையும் 16 லட்சம் வித்தியாசப்படும். அது பிழை அல்ல. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டுபவர்கள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-9சி படிவமே இப்படிப்பட்ட வித்தியாசங்களை விளக்கிக் காட்டுவதற்காக இருப்பதுதான். இரண்டும் பொருந்த வேண்டும் என்பதற்காகவே விற்பனையை மார்ச்சில் விட்டுவைப்பதுதான் பிழை.

உள்ளே வந்த லாரி

அதே மார்ச் 31 அன்று இரவு 7 மணிக்கு இன்னொரு லாரி ஆலைக்குள் வந்தது. மோட்டார் வைண்டிங்குக்கான செம்புக் கம்பி, 1,000 கிலோ. கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9 லட்சம். எண்ணும் குழு இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறது. ஸ்டோர் கீப்பர் கம்பியை இறக்கி வைத்துவிட்டு, பொறுப்பாக அந்த 1,000 கிலோவையும் எண்ணிக்கைத் தாளில் சேர்த்துவிட்டார்.

ஆனால், சரக்கு வந்ததற்கான ரசீது, அதாவது ஜி.ஆர்.என்., தரப் பரிசோதனை முடிந்த பிறகுதான் போடுவார்கள். பரிசோதனை மறுநாள் காலை. ஆகவே ஜி.ஆர்.என். தேதி ஏப்ரல் 1. அக்கவுன்ட்ஸில் ஜி.ஆர்.என். தேதியை வைத்துத்தான் பர்ச்சேஸ் ஏற்றுகிறார்கள். எனவே, சப்ளையரின் 9 லட்சம் பில் அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டது.

விளைவு? கம்பி ஸ்டாக்கில் இருக்கிறது, அதற்குத் தர வேண்டிய கடன் கணக்கில் இல்லை. இலவசமாக வந்த சரக்கு போல 9 லட்சம் நேராக லாபத்தில் சேர்ந்துவிட்டது. நாக்பூர் ஆர்டர் ‘எஃப்.ஓ.ஆர்.’ என்று வைத்துக்கொண்டால், 60 லட்சம் முதலில் 44 ஆனது. இப்போது 35 ஆகிறது. ஒரே மாலையில் வந்த ஒரு லாரியும் போன ஒரு லாரியும் சேர்ந்து 25 லட்சத்தைக் கூட்டிக் காட்டியிருக்கின்றன.

உள்ளே வரும் சரக்கில் இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. சப்ளையர் மார்ச் 29-ல் ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ முறையில் அனுப்பிய சரக்கு, ஏப்ரல் 2-ல் வந்து சேருகிறது. பில் மெயிலில் முன்கூட்டியே வந்துவிட்டதால் அக்கவுன்ட்ஸில் மார்ச்சிலேயே ஏற்றிவிட்டார்கள். ஆனால் சரக்கு குடோனில் இல்லாததால் எண்ணிக்கையில் வரவில்லை. இப்போது லாபம் அந்தத் தொகை அளவுக்குக் குறைந்துவிடும். கண்ணில் படாத சரக்கு என்றாலும், மார்ச் 31 அன்று அது ஆலையின் சரக்குதான். வழியில் உள்ள சரக்காக ஸ்டாக்கில் சேர்க்க வேண்டும். (இதற்கான ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவை மட்டும், சரக்கு கைக்கு வந்த பிறகுதான் எடுக்க முடியும்.)

அடுத்த ஆண்டு தானே சரியாகிவிடாதா?

ஆகும். அதுதான் இந்தப் பிழையின் சிக்கலே. கூடுதலாகக் காட்டிய 25 லட்சம், அடுத்த ஆண்டு அப்படியே குறையும். நாக்பூர் பம்புகள் ஏப்ரல் தொடக்க ஸ்டாக்கில் 12 லட்சமாக நிற்கும். ஆனால் அவற்றின் விற்பனை போன ஆண்டிலேயே காட்டப்பட்டுவிட்டது. செம்புக் கம்பியின் பில் ஏப்ரலில் செலவாக ஏறும். ஆனால் அந்தக் கம்பி ஏற்கெனவே தொடக்க ஸ்டாக்கிலும் இருக்கும். இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் கணக்கு சரி. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே தவறு.

இடையில் நடப்பவைதான் வலி. 25 சதவீத வரி என்று வைத்துக்கொண்டால், இல்லாத 25 லட்சம் லாபத்துக்கு 6.25 லட்சம் வரி ஓர் ஆண்டு முன்பே போகிறது. பங்குதாரர்கள் 60 லட்சம் லாபம் என நம்பிப் பணத்தை எடுக்கிறார்கள். கேஷ் கிரெடிட் கொடுத்த வங்கிக்குப் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில், நாக்பூர் பம்புகள் 12 லட்சம் ஸ்டாக்காகவும், 16 லட்சம் வர வேண்டிய பாக்கியாகவும் இரண்டு முறை வருகின்றன. வழக்கமாக வங்கி, பணம் கொடுக்காத சரக்கைக் கழித்துத்தான் கடன் வரம்பைக் கணக்கிடும். செம்புக் கம்பிக்கான கடன் கணக்கிலேயே இல்லாததால் அதுவும் கழியாது. ஆலைக்குக் கிடைக்கக் கூடாத அளவுக்குக் கடன் வரம்பு கிடைக்கிறது. மறு ஆண்டு லாபம் திடீரென இறங்கும்போது, வங்கி மேலாளருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

வாட்ச்மேனின் நோட்டுப் புத்தகம்

பிழை நடந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு மிக நம்பகமான ஆவணம் பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பதில்லை. கேட்டில், வாட்ச்மேனின் மேஜையில் இருக்கும். எந்த வண்டி, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று அவர் எழுதும் பதிவேடு. விற்பனை டார்கெட்டோ, ஜி.ஆர்.என். தேதியோ அவருக்குத் தெரியாது. அதனால்தான் அந்த எழுத்துக்கு மதிப்பு.

மார்ச் கடைசி நாள்களின் பில்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு தேதிகளை எழுதிப் பார்க்க வேண்டும். பில் தேதி, கேட்டைத் தாண்டிய தேதி, லாரி ரசீதான எல்.ஆர். தேதி, டீலர் சீல் போட்டு சரக்கைப் பெற்ற தேதி. நான்கும் மார்ச் என்றால் கவலை இல்லை. கேட் தேதி ஏப்ரல், பில் தேதி மார்ச் என்றால், சரக்கு போகாமலேயே பில் போட்டிருக்கிறார்கள். மற்றவை மார்ச், டீலரின் சீல் மட்டும் ஏப்ரல் என்றால், ஆர்டர் பேப்பரைத் திறந்து பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் பின்னோக்கிப் போக வேண்டும்? ‘கடைசி ஐந்து பில்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உள்ளூர் வியாபாரத்துக்கு அது போதலாம். வாசலில் இறக்கும்வரை பொறுப்பு ஏற்று வெளி மாநிலத்துக்கு அனுப்புபவர்களுக்குப் போதாது. சரக்கு போய்ச்சேர அதிகபட்சம் எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். குவாஹாட்டிக்கு எட்டு நாள் ஆகும் என்றால், மார்ச் 23 முதல் போட்ட பில்கள் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும்.

வாங்கிய சரக்குக்கு இதையே திருப்பிச் செய்யலாம். ஏப்ரல் முதல் பத்து நாள் ஜி.ஆர்.என்.களை எடுத்து, அந்தச் சரக்கு கேட்டுக்குள் வந்த தேதியைப் பார்த்தால், நம் செம்புக் கம்பி உடனே மாட்டிக்கொள்ளும். இன்னொரு வழி, ஏப்ரல் 14-ம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி. சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய மார்ச் மாத பில்கள் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் இருந்து, நம் மார்ச் கணக்கில் இல்லாத பில்களைத் தனியே எடுத்தால் போதும். அவற்றில் சில, உண்மையிலேயே ஏப்ரலில் வந்த சரக்காக இருக்கும். மிச்சமிருப்பவைதான் விட்டுப்போனவை.

எதையும் திறக்கும் முன்பே எச்சரிக்கும் அறிகுறி ஒன்றும் உண்டு. மார்ச் மாதத்தின் மொத்த லாப சதவீதம் மற்ற மாதங்களைவிட எகிறி, ஏப்ரலில் அதே வேகத்தில் சரிந்தால், காரணம் வியாபாரமாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு மாதங்களுக்கு நடுவே எங்கோ ஒரு லாரி நிற்கிறது.

தெரிந்தே செய்தால்?

இதுவரை பார்த்தது கவனக்குறைவு. இதே ஓட்டையைத் தெரிந்தே பயன்படுத்துபவர்களும் உண்டு. மார்ச் டார்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. “அண்ணா, பில்லு மட்டும் போட்டுக்கறோம், சரக்கு இங்கயே இருக்கட்டும். வேண்டாம்னா ஏப்ரல்ல ரிட்டர்ன் எடுத்துக்கறோம்” என்று டீலருக்கு ஒரு போன். பில் மார்ச்சில், கிரெடிட் நோட் ஏப்ரலில். ஏப்ரல், மே மாதங்களின் கிரெடிட் நோட்களை ஆடிட்டர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டுவது இதற்காகத்தான்.

உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் சன்பீம். வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரித்த இந்நிறுவனம், 1997 கடைசியில், குளிர்காலத்தில் யாரும் பயன்படுத்தாத கேஸ் கிரில் அடுப்புகளைத் தள்ளுபடி கொடுத்துக் கடைகளுக்கு ‘விற்றது’. சரக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். பில் மட்டும் இப்போது, சரக்கு சீசனில். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி. 2001-ல் தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு சன்பீம் காட்டிய 18.9 கோடி டாலர் வருமானத்தில் குறைந்தது 6.2 கோடி டாலர், கணக்கியல் விதிகளுக்குப் புறம்பானது என்றது. அடுத்த ஆண்டுகளின் விற்பனையைக் கடன் வாங்கி நடத்திய அந்த நிறுவனம், 2001-லேயே திவால் பாதுகாப்பு கோரியது.

பில் போட்டுவிட்டு சரக்கை விற்பவரிடமே வைத்திருப்பது எப்போதுமே தவறா என்றால், இல்லை. இந்த் ஏ.எஸ். 115 நான்கு நிபந்தனைகளுடன் அதை விற்பனையாக ஏற்கிறது. அப்படி வைத்திருக்க உண்மையான காரணம் இருக்க வேண்டும். உதாரணமாக, வாங்குபவரே இடமில்லை என்று கேட்டிருக்க வேண்டும். சரக்கு அவருடையது என்று தனியாக அடையாளம் தெரிய வேண்டும். எந்த நிமிடமும் அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். விற்றவர் அதை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். டார்கெட்டுக்காகப் போட்ட பில் முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும்.

பின்தேதியிட்டு ஜி.ஆர்.என்.னை மாற்றுவதும் முன்பு போல எளிதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாக வேண்டும். அதை நிறுத்திவைக்கவும் கூடாது.

மார்ச் 31 அன்று என்ன செய்ய வேண்டும்?

இதைத் தடுக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. அந்த ஒரு மாலையை ஒழுங்காக நடத்தினால் போதும்.

* எண்ணிக்கை தொடங்கும் நேரத்தை முன்பே அறிவித்து, முடியும்வரை சரக்கை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தாமல் நிறுத்தலாம். முடியாது என்றால், பில் போட்ட சரக்கைத் தனி இடத்தில் ‘விற்றது’ என்ற அட்டையுடன் வைக்க வேண்டும். இது ‘எஃப்.ஓ.ஆர்.’ சரக்கு என்றால், தனிப் பட்டியலாக எழுதி அக்கவுன்ட்ஸுக்கு அனுப்ப வேண்டும். எதில் சேர்ப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

* எண்ணிக்கை தொடங்கும் முன், கடைசி பில் எண், கடைசி டெலிவரி சலான் எண், கடைசி ஜி.ஆர்.என். எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஸ்டோர் கீப்பரும் கணக்காளரும் கையெழுத்திட வேண்டும். எண்ணிக்கையைப் பார்க்க வரும் ஆடிட்டர் முதலில் குறித்துக்கொள்வதும் இந்த எண்களைத்தான். பின்னால் எழும் பாதிக் கேள்விகளுக்கு இந்தத் தாளே பதில் சொல்லும்.

* எண்ணிக்கைக்கு நடுவே வரும் சரக்கைத் தனியே இறக்கி, தனித் தாளில் எழுத வேண்டும். தரப் பரிசோதனை என்றைக்கு முடிந்தாலும், சரக்கு வந்த தேதி என்பது கேட்டுக்குள் வந்த தேதிதான். ஜி.ஆர்.என்.னில் இரண்டு தேதிகளுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தால், செம்புக் கம்பிப் பிழை நடக்கவே வழியில்லை. பில் இன்னும் வரவில்லை என்றால், ஆர்டர் விலையை வைத்துக் கடனைப் பதிவு செய்யலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் எல்லை உண்டு. பில்களை எடுத்துச் சரிபார்க்கும் சோதனை, பில் உள்ள சரக்கைத்தான் பிடிக்கும். பில்லே போடாமல் வெளியே போன சரக்கோ, ஜி.ஆர்.என்.னே போடாமல் உள்ளே வந்த சரக்கோ அதில் சிக்காது. அதற்கு, அலுவலகத்தில் இருந்து கேட்டுக்குப் போகாமல், கேட்டில் இருந்து அலுவலகத்துக்கு வர வேண்டும். பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ‘இதன் பேப்பர் எங்கே?’ என்று கேட்க வேண்டும்.

நம் கோவை ஆலையில் ஆடிட்டர் அதைத்தான் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். கேட் பதிவேட்டில் மார்ச் 31-ன் கடைசி இரண்டு வரிகள்: இரவு 7 மணி, உள்ளே. இரவு 9 மணி, வெளியே. அந்த இரண்டு வரிகளுக்கும் உரிய பேப்பர்களைக் கேட்டு வாங்கிய அரை மணி நேரத்தில், 60 லட்சம் லாபம் 35 லட்சமானது.